ஓட்டுநரும் ஓட்டியவரும்: ஒட்டு எங்கே புதுச்சொல் தருகிறது, எங்கே இலக்கணம் மட்டும் காட்டுகிறது?

விபத்துச் செய்தி ஒன்றில் இப்படி இரண்டு வாக்கியங்கள் வருவதாக வைத்துக்கொள்வோம்: “லாரியின் ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தார். லாரியை ஓட்டியவர் கிளீனர்.” இதைப் படிக்கும் யாருக்கும் குழப்பம் வராது. ஓட்டுநர் அன்றிரவு ஓட்டவில்லை. ஓட்டியவர் ஓட்டுநர் இல்லை. இரண்டு சொல்லுக்கும் பகுதி ‘ஓட்டு’தான். இரண்டும் ஆளைக் குறிக்கும் பெயர்கள். ஆனாலும் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மற்றதை வைத்தால் செய்தியே மாறிவிடும்.

‘ஓட்டுநர்’ ஒரு தொழிலின் பெயர். விடுப்பு எடுத்து வீட்டில் படுத்திருந்தாலும் அவர் ஓட்டுநர்தான். ‘ஓட்டியவர்’ அப்படிப்பட்ட நிலையான பெயர் இல்லை. ஒரு குறிப்பிட்ட வண்டியை, ஒரு குறிப்பிட்ட நேரத்தில், இறந்த காலத்தில் ஓட்டியது யார் என்பதை மட்டும் அது சொல்கிறது. ‘நர்’ என்ற ஒட்டு தமிழின் சொற்கிடங்கில் புதிதாக ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறது. ‘இய’, ‘அவர்’ என்ற ஒட்டுகள் ‘ஓட்டு’ என்ற பழைய வினையையே வாக்கியத்தின் தேவைக்கு ஏற்ப வளைத்துக் கொடுத்திருக்கின்றன. மொழியியலில் முதல் வேலையை டெரிவேஷன் என்றும் இரண்டாவதை இன்ஃப்ளெக்‌ஷன் என்றும் சொல்வார்கள். இங்கே முதலாவதைச் சொல்லாக்கம் என்றும் இரண்டாவதைத் திரிபு என்றும் வைத்துக்கொள்வோம்.

நம் மரபிலக்கணம் இந்த இரண்டையும் வேறு வேறு பெட்டியில் வைக்கவில்லை. பவணந்தியின் நன்னூல் ஒரு பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறு உறுப்பாகப் பிரிக்கிறது. பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதியவர்களுக்கு இது மறந்திருக்காது. ‘ஓட்டினான்’ என்பதை ஓட்டு + இன் + ஆன் என்று பிரிப்போம். ‘ஓட்டுநர்’ என்பதை ஓட்டு + ந் + அர் என்று பிரிப்போம். இரண்டிலும் நடுவில் இருப்பது இடைநிலை, கடைசியில் இருப்பது விகுதி. ‘இன்’ கால இடைநிலை, ‘ந்’ பெயர் இடைநிலை என்று அடைமொழி கொடுத்து வேறுபடுத்துவதோடு விளக்கம் நின்றுவிடும். ‘இன்’ செய்யும் வேலையும் ‘ந்’ செய்யும் வேலையும் அடிப்படையிலேயே வேறா என்ற கேள்வி எழாமல் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. மரபின் குறை என்று இதைச் சொல்ல மாட்டேன். சொல்லை உறுப்பாகப் பிரிப்பது அதன் நோக்கம், அதைச் சரியாகவே செய்கிறது. ஆனால் எந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது என்று கேட்டால் வேறு சோதனைகள் வேண்டும்.

அறிமுகப் பாடங்களில் முதலில் சொல்லப்படும் சோதனை இது: ஒட்டு சேர்ந்ததும் சொல்வகை மாறினால் சொல்லாக்கம், மாறாவிட்டால் திரிபு. ‘படி’ என்ற வினை ‘படிப்பு’ என்ற பெயரானால் சொல்லாக்கம். ‘மரம்’ என்ற பெயர் ‘மரங்கள்’, ‘மரத்தை’ என்று ஆனாலும் பெயராகவே இருப்பதால் திரிபு. கேட்க எளிமையாக இருக்கிறது, ஆனால் தமிழில் இது சீக்கிரமே கைவிட்டுவிடுகிறது. ‘ஓட்டியவர்’ வினையிலிருந்து வந்த பெயர்தானே? ‘படித்தல்’, ‘படிப்பது’ இரண்டும் வினையிலிருந்து வந்த பெயர்கள்தானே? இந்தச் சோதனையின்படி இவை எல்லாம் ‘படிப்பு’, ‘ஓட்டுநர்’ ஆகியவற்றோடு ஒரே வரிசையில் உட்கார்ந்துவிடும். நாம் தொடக்கத்தில் கண்ட வேறுபாடு காணாமல் போய்விடும். இந்தச் சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதும் இல்லை. சொல்வகையை மாற்றும் திரிபும் உலக மொழிகளில் இருக்கிறது என்று 1996இல் மொழியியலாளர் மார்ட்டின் ஹாஸ்பெல்மத் ஒரு கட்டுரையில் வாதிட்டார். அதற்குத் தமிழில் சான்று தேடி அலைய வேண்டியதில்லை.

தமிழில் எனக்கு மிகவும் நம்பகமாகத் தோன்றும் சோதனை வேறு: பெயராக மாறிய பிறகும் அந்தச் சொல் வினை மாதிரி நடந்துகொள்கிறதா என்று பார்ப்பது. வினைக்கு உரிய சில உரிமைகள் உண்டு. ‘ஐ’ உருபு ஏற்ற செயப்படுபொருளைத் தன் முன்னால் வைத்துக்கொள்ளும். ‘வேகமாக’, ‘நேற்று’ போன்ற அடைகளை ஏற்கும். எதிர்மறையாகும். ‘நேற்றிரவு லாரியை வேகமாக ஓட்டியவர்’ என்று தாராளமாகச் சொல்கிறோம். ‘ஓட்டாதவர்’, ‘ஓட்டுகிறவர்’, ‘ஓட்டப்போகிறவர்’ என்று காலத்தையும் எதிர்மறையையும் மாற்றிக்கொள்கிறோம். ‘ஓட்டியவன்’, ‘ஓட்டியவள்’ என்று ஆண்பாலும் பெண்பாலும் வருகின்றன. ‘ஓட்டுநர்’ இவற்றில் எதையும் செய்யாது. ‘லாரியை ஓட்டுநர்’ என்று வாயில் வராது. ‘லாரி ஓட்டுநர்’ அல்லது ‘லாரியின் ஓட்டுநர்’தான் வரும். ‘வேகமாக ஓட்டுநர்’ என்றும் வராது. மாறாக, பெயருக்கு உரிய அடைகளை அது விரும்பி ஏற்கும்: ‘அனுபவமுள்ள ஓட்டுநர்’, ‘நல்ல ஓட்டுநர்’. ‘நல்ல ஓட்டியவர்’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறும்.

‘படித்தல்’, ‘படிப்பு’ இரண்டையும் இதே கல்லில் உரசலாம். ‘பாடத்தைச் சத்தமாகப் படித்தல்’ சரி. ‘பாடத்தைச் சத்தமாகப் படிப்பு’ தமிழே இல்லை. ‘மருத்துவப் படிப்பு’, ‘நல்ல படிப்பு’ சரி. ‘நல்ல படித்தல்’ ஒட்டவில்லை. ‘படித்தல்’ மேலே பெயர்ச் சட்டை போட்டிருக்கிறது, உள்ளே இன்னும் வினையாகவே இருக்கிறது. ‘படிப்பு’ முழுப் பெயராகிவிட்டது. எனவே ‘தல்’ திரிபின் பக்கம், ‘பு’ சொல்லாக்கத்தின் பக்கம்.

இப்போது பள்ளி இலக்கணப் புத்தகத்தில் தொழிற்பெயர் விகுதிகள் என்று வரும் வரிசையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: தல், அல், அம், ஐ, கை, வை, கு, பு, தி, சி, வி, மை… எல்லாம் ஒரே மூச்சில் வரும். வரிசையின் முதல் உறுப்பான ‘தல்’லுக்கும் மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் நடுவே ஒரு கோடு கிழிக்க வேண்டும் என்பது அந்த வரிசையைப் பார்த்தால் தெரியாது. வினைகளில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

‘தல்’ எந்த வினைக்கும் சேரும். நடத்தல், கேட்டல், கொடுத்தல், பார்த்தல், மறத்தல், வளர்தல் என்று யோசிக்காமல் உருவாக்கலாம். பொருளும் மாறாது: அந்தச் செயல், அவ்வளவுதான். மற்ற விகுதிகளுக்கு இந்தத் தாராளம் இல்லை. ஒவ்வொரு வினையும் தனக்கென்று ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறது. ‘கேள்’ என்றால் ‘கேள்வி’, ‘பார்’ என்றால் ‘பார்வை’, ‘கொடு’ என்றால் ‘கொடை’, ‘வளர்’ என்றால் ‘வளர்ச்சி’, ‘மற’ என்றால் ‘மறதி’, ‘ஓடு’ என்றால் ‘ஓட்டம்’. ‘பார்வி’ என்றோ ‘கேள்வை’ என்றோ ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் விதி எதையும் காட்ட முடியாது. மொழியோடு சேர்த்து மனப்பாடமாக வந்தவை இவை.

முழுக்க ஒழுங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. ‘க்க’ என்று முடியும் செயவென் எச்சம் கொண்ட வினைகள் பெரும்பாலும் ‘ப்பு’ பக்கம் சாய்கின்றன: படிக்க - படிப்பு, சிரிக்க - சிரிப்பு, நடிக்க - நடிப்பு, பிறக்க - பிறப்பு. ஆனால் அந்தச் சாய்வை நம்பி ‘கொடுக்க’ என்பதிலிருந்து ‘கொடுப்பு’ செய்தால் மாட்டிக்கொள்வோம். ‘எடுக்க’ என்பதிலிருந்து ‘எடுப்பு’ வருகிறது, ஆனால் எடுக்கும் செயலுக்கும் ‘எடுப்பான தோற்றம்’ என்பதற்கும் இடையே தூரம் அதிகம்.

பொருள் இப்படித் தன் வழியில் போய்விடுவது சொல்லாக்கத்தின் இன்னொரு அடையாளம். ‘நட’ என்ற ஒரே வேரைப் பாருங்கள். ‘நடத்தல்’ என்றால் நடக்கும் செயல். ‘நடை’ என்றால் நடக்கும் விதம், எழுத்தாளரின் மொழிப்பாங்கு, ‘ரெண்டு நடை போய்வந்தேன்’ என்பதில் தடவை, வீட்டில் ஒரு பகுதி. ‘நடப்பு’ என்றால் இப்போது நிகழ்வது. நடப்பு ஆண்டில் யாரும் நடப்பதில்லை. ‘நடத்தை’ ஒருவருடைய ஒழுக்கத்தைக் குறிக்கிறது. ‘செல்’ என்பதிலிருந்து வந்த ‘செலவு’ பழைய இலக்கியத்தில் பயணம். இன்று பணம் போவது. அகராதி இல்லாமல் இவற்றை ஊகிக்க முடியாது. ‘தல்’ வடிவத்துக்கு அகராதியே தேவையில்லை.

இந்த வேறுபாட்டைச் சோதிக்க நல்ல வழி, புதிதாகப் பிறந்த ஒரு வினையைப் பார்ப்பது. ட்விட்டரில் எழுதிய தமிழர்கள் ட்வீட்டுக்குக் ‘கீச்சு’ என்ற சொல்லைப் புழங்கத் தொடங்கினார்கள். பறவை எழுப்பும் ஒலியிலிருந்து எடுத்தது. அதை வினையாக்கியதும் ‘கீச்சினார்’, ‘கீச்சாமல்’, ‘கீச்சுவது’, ‘கீச்சியவர்’ எல்லாம் யாரும் சொல்லித்தராமலே வந்துவிட்டன. யாரும் உட்கார்ந்து முடிவுசெய்ய வேண்டியிருக்கவில்லை. திரிபு அப்படித்தான் வேலை செய்யும். ஆனால் கீச்சுவதையே வழக்கமாகக் கொண்டவருக்குப் பெயர் என்ன என்று வந்தபோது தேர்வு தேவைப்பட்டது. கீச்சுநர், கீச்சாளர், கீச்சர், கீச்சாளி என எதுவும் இலக்கணப்படி வரக்கூடியதே. அவற்றில் ‘கீச்சர்’ புழக்கத்தில் நிலைத்தது. மற்றவை போட்டியில் பின்தங்கின. சொல்லாக்கத்தில் எப்போதும் இப்படி ஒரு தேர்வு நடக்கும். தேர்வில் தோற்ற வடிவங்கள் தவறானவை இல்லை, வெறுமனே யாரும் எடுத்துக்கொள்ளாதவை.

தோற்றவை சில நேரம் வேறு பொருளுக்குப் போய் உட்கார்ந்துகொள்வதும் உண்டு. ‘பயன்’ என்ற ஒரே பெயரிலிருந்து வந்த ‘பயனாளி’ அரசுத் திட்டத்தால் நன்மை பெறுபவர். ‘பயனர்’ மென்பொருளைப் பயன்படுத்துபவர். ‘ஆளி’க்கும் ‘அர்’ருக்கும் நடுவே இந்தப் பொருள் வேறுபாட்டை வைத்த விதி எதுவும் கிடையாது, பழக்கம்தான் வைத்தது. கணினித் திரையில் ‘பயனாளி பெயர்’ என்று பார்க்கும்போது சிலருக்கு ரேஷன் அட்டை நினைவுக்கு வருவதற்குக் காரணமும் அதுதான். ‘பயன்படுத்துபவர்’ என்று எழுதியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, ஆனால் பொத்தானில் இடம் போதாது.

அகராதி செய்பவர்களுக்கு இந்தக் கோடு அன்றாடப் பிரச்சினை. தமிழில் ஒரு வினையிலிருந்து காலம், இடம், பால், எண், எச்சம், எதிர்மறை என்று நூற்றுக்கணக்கான வடிவங்கள் கிளைக்கும். எல்லாவற்றையும் தலைச்சொல்லாக்கினால் அகராதி அறை கொள்ளாது. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் ஒவ்வொரு வினையையும் ‘தல்’ வடிவத்தில் மட்டும் தலைச்சொல்லாகக் கொடுத்து, பக்கத்தில் 1 முதல் 13 வரை ஓர் எண் போட்டது. ‘படி-தல்’ என்று இருந்தால் எண் 4. படிந்தது, படியும் என்று போகும் வினை. ‘படி-த்தல்’ என்று இருந்தால் எண் 11. படித்தது, படிக்கும் என்று போகும் வினை. எண் தெரிந்தால் மற்ற வடிவங்கள் எல்லாம் தானாக வந்துவிடும். 1992இல் முதல் பதிப்பு வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எண்ணை விட்டுவிட்டு, ‘படி’ என்ற வினைக்குப் பக்கத்தில் ‘படிக்க, படித்து’ என்று இரண்டு வடிவங்களைக் கொடுக்கிறது. இதுவும் அதே தந்திரம்தான். இரண்டு அகராதிகளிலும் ‘படித்தவர்’, ‘படிக்காமல்’ ஆகியவற்றைப் படிப்பவர் தானே உருவாக்கிக்கொள்வார் என்ற நம்பிக்கை இருக்கிறது. ‘படிப்பு’க்கு அந்த நம்பிக்கை செல்லாது, அது தனித் தலைச்சொல்.

ஆனால் இந்தக் கோட்டைத் தாண்டி ஓடும் சொற்களும் உண்டு. ‘தல்’ திரிபின் பக்கம் என்று சொன்னேன். ‘தேர்தல்’ என்ன? வடிவத்தில் அது தேர் + தல், தேரும் செயல். ஆனால் ‘தலைவரைத் தேர்தல் நடந்தது’ என்று இன்று யாரும் சொல்வதில்லை. ‘சட்டமன்றத் தேர்தல்கள்’, ‘பரபரப்பான தேர்தல்’, ‘இடைத்தேர்தல்’ என்று பன்மையும் பெயரடையும் தொகையும் தயக்கமில்லாமல் வருகின்றன. சோதனையில் போட்டால் ‘தேர்தல்’ இப்போது ‘படிப்பு’ பக்கம் விழுகிறது. அந்த இடம் நிரம்பிவிட்டதால் செயலைச் சொல்லப் புதிதாக ஒன்று தேவைப்படுகிறது. ‘தலைவரைத் தேர்ந்தெடுத்தல்’ என்கிறோம். துக்க வீட்டில் சொல்லும் ‘ஆறுதல்’ இதே கதை. அங்கே எதுவும் சூடு ஆறுவதில்லை.

‘பெற்றோர்’ இன்னும் அழகான சான்று. ‘பட்டம் பெற்றோர்’, ‘விருது பெற்றோர்’ என்னும்போது அது உயிருள்ள வினையாலணையும் பெயர். விருதை யார் பெற்றார்களோ அவர்கள். ‘என் பெற்றோர்’ என்னும்போது அது தாய் தகப்பன். இரண்டையும் பிரித்துக் காட்டுவது முன்னால் வரும் சொல்லின் உருபு. வினைத்தன்மை இருக்கும்வரை ‘என்னைப் பெற்றவர்கள்’ என்று ‘ஐ’ வரும். முழுப் பெயராகிவிட்டால் ‘என்னுடைய பெற்றோர்’ என்று உடைமைதான் வரும், ‘என்னைப் பெற்றோர்’ என்று இன்றைய பேச்சில் வராது. ‘பெற்றோர்கள்’ என்று சிலர் எழுதுவதைப் பிழை என்று திருத்துவார்கள், ‘ஓர்’ ஏற்கெனவே பன்மை என்பதால். எழுதுபவர் காதில் அந்த ‘ஓர்’ இப்போது பன்மையாக ஒலிக்கவில்லை என்பதே அந்தப் ‘பிழை’க்குக் காரணம். திரிபு ஒட்டு சொல்லுக்குள் உறைந்துபோனால் அதன் மேல் இன்னொரு திரிபு ஒட்டு ஏறிக்கொள்ளும்.

தனிச்சொல் மட்டும் இல்லை, ஓர் ஒட்டே முழுதாக இப்படித் திரிபின் பக்கத்திலிருந்து சொல்லாக்கத்தின் பக்கம் நகர்வதும் உண்டு. ‘நர்’ இன்று ஓட்டுநர், இயக்குநர், நடத்துநர், அனுப்புநர், பெறுநர் என்று பணி அல்லது பங்கைச் சொல்லும் சொற்களோடு நின்றுவிட்டது. தூங்குபவரைத் ‘தூங்குநர்’ என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் சங்கப் பாடல்களில் பாடுநர், ஆடுநர், வருநர் என்று அது மிகத் தாராளமாக வினைகளோடு சேர்ந்தது. இன்று ‘பவர்’ செய்யும் வேலைக்கு மிக அருகில் அன்று ‘நர்’ இருந்தது. பிற்காலத்தில் அந்த வேலையை வேறு வடிவங்கள் எடுத்துக்கொண்டன. பழைய விகுதி கலைச்சொல் ஆக்குபவர்களின் கைப்பையில் தங்கிவிட்டது. (‘ஓட்டுனர்’, ‘இயக்குனர்’ என்று எழுதுவது இந்த விகுதி வழக்கிலிருந்து எவ்வளவு விலகிப்போய்விட்டது என்பதற்கும் அடையாளம். தெரிந்த ஒட்டாக இருந்தால் எழுத்து குழம்பாது.)

ஒரே ஒலி இரண்டு வேலையும் செய்யும் இடத்தைத் திருக்குறள் அதிகாரத் தலைப்புகளில் பார்க்கலாம். ‘வாய்மை’யிலும் ‘மை’ இருக்கிறது, ‘கொல்லாமை’யிலும் ‘மை’ இருக்கிறது. முதலாவது பண்பைச் சொல்லும் ஒரு பெயர், கதை முடிந்தது. இரண்டாவதில் வினை இன்னும் மூச்சு விடுகிறது. ‘கள்ளுண்ணாமை’, ‘பயனில சொல்லாமை’, ‘இன்னாசெய்யாமை’ ஆகிய தலைப்புகளைப் பாருங்கள். கள், பயனில, இன்னா மூன்றும் செயப்படுபொருள்கள். எதிர்மறை வினை தன் செயப்படுபொருளையும் கூட்டிக்கொண்டு வந்து தலைப்பில் நிற்கிறது. ‘மழை பெய்யாமையால் பயிர் வாடியது’ என்னும்போது எழுவாயான மழையும் கூடவே இருக்கிறது. இங்கே ‘ஆமை’ எந்த வினைக்கும் எதிர்மறைத் தொழிற்பெயர் தரும் திரிபு. இப்படிப்பட்ட வடிவங்களில் ஒன்றான ‘அறியாமை’ தனியே நடந்துபோய் ‘அவருடைய அறியாமை’, ‘அறியாமை இருள்’ என்று அகராதிச் சொல்லாகிவிட்டது.

இதுவரை சொல்லைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தோம். உறுப்புகள் நிற்கும் வரிசையும் ஒன்று சொல்கிறது. 1963இல் ஜோசப் கிரீன்பெர்க் பல மொழிகளை ஒப்பிட்டுப் பொதுமைகள் சிலவற்றை வகுத்தார். அவற்றில் 28ஆவது இது: சொல்லாக்க ஒட்டும் திரிபு ஒட்டும் வேரின் ஒரே பக்கத்தில் வந்தால், வேருக்கு அருகில் இருப்பது சொல்லாக்க ஒட்டுதான். ‘ஓட்டுநர்களிடமிருந்து’ என்பதில் ‘நர்’ உள்ளே, ‘கள்’ளும் வேற்றுமையும் வெளியே. ‘ஓட்டுகள்நர்’ என்று ஒரு சொல்லை யாராலும் கற்பனை செய்யக்கூட முடியாது.

ஏன் இந்த வரிசை? 1985இல் ஜோன் பைபீ 50 மொழிகளின் வினைகளை ஒப்பிட்டு ஒரு விளக்கம் தந்தார். வினையின் பொருளை எந்த அளவுக்கு ஓர் ஒட்டு தொடுகிறதோ அந்த அளவுக்கு அது வேரோடு நெருங்கி நிற்கும், புதுச்சொல் தரும் வாய்ப்பும் அதிகம். ‘ஓட்டினான்’ என்பதிலேயே இது தெரிகிறது. ‘ஓடு’ என்ற தன்வினை ‘ஓட்டு’ என்ற பிறவினையாவது நிகழ்ச்சியையே மாற்றிவிடுகிறது; ஓடுவது வேறு, ஓடச் செய்வது வேறு. அந்த மாற்றம் வேருக்குள்ளேயே புகுந்து மெய்யை இரட்டித்திருக்கிறது. அகராதியும் இரண்டையும் தனித்தனியாகத்தான் வைக்கிறது. அதை அடுத்து ‘இன்’ வருகிறது. காலம் நிகழ்ச்சியை மாற்றுவதில்லை, எப்போது என்று மட்டும் சொல்கிறது. கடைசியில் ‘ஆன்’. அது நிகழ்ச்சியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை, எழுவாய் யார் என்று திரும்பிக் காட்டுகிறது. உள்ளிருந்து வெளியே போகப்போகச் சொல்லாக்கம் குறைந்து திரிபு கூடுகிறது. பைபீயின் பார்வையில் இரண்டும் ஒரே சரிவின் இரு முனைகள், நடுவில் வேலி கிடையாது.

இந்த வரிசை விதி, நாம் முன்பே எடுத்த ஒரு முடிவுக்குத் துணை நிற்கிறது. ‘ஓட்டியவர்’ என்பதில் காலம் உள்ளே, ‘அவர்’ வெளியே. ‘அவர்’ஐச் சொல்லாக்க ஒட்டு என்று கொண்டால் திரிபுக்கு வெளியே சொல்லாக்கம் வந்துவிடும், கிரீன்பெர்க் சொன்னது தமிழில் ஒவ்வொரு வினையாலணையும் பெயரிலும் உடையும். திரிபு என்று கொண்டால் எந்தச் சிக்கலும் இல்லை.

ஆனால் எல்லாம் இப்படி அடங்கிவிடும் என்று நினைத்தால், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வந்து கெடுத்துவிடுகிறார். ‘காரர்’ சொல்லாக்க ஒட்டு என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது: கடைக்காரர், தோட்டக்காரர், பால்காரர். ஆனால் ‘வீட்டுக்காரர்’ என்பதில் ‘காரர்’ சேர்ந்திருப்பது ‘வீடு’ என்ற அடியோடு இல்லை, ‘வீட்டு’ என்ற வேற்றுமைக்குத் தயாரான வடிவத்தோடு. வீட்டை, வீட்டுக்கு, வீட்டில் என்று உருபு ஏற்கும்போது வரும் அதே வடிவம் அது. திரிபுக்கு உரிய ஒன்று சொல்லாக்கத்துக்கு உள்ளே போய் நிற்கிறது. அதுகூடப் பரவாயில்லை, ‘பக்கத்து வீட்டுக்காரர்’ என்பதை எப்படிப் பிரிப்பது? பக்கத்தில் இருக்கும் ஒரு வீட்டுக்காரர் என்றால் வேறு பொருள். வாடகைக்கு வீடு விட்டவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று ஆகிவிடும். நாம் சொல்வது ‘பக்கத்து வீடு’ முழுவதோடும் ‘காரர்’ சேர்ந்த பொருள். ‘சிவப்புச் சட்டைக்காரர்’ என்றாலும் சிவப்பு அவருடைய சட்டை, அவர் சிவப்பு இல்லை. ஒரு சொல்லோடு சேர வேண்டிய ஒட்டு ஒரு தொடர் முழுவதையும் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இந்தக் குணம் வழக்கமாக வேற்றுமை உருபுக்கு உரியது: ‘பக்கத்து வீட்டுக்கு’ என்பதில் ‘கு’ அந்தத் தொடர் முழுவதையும்தான் ஏற்கிறது.

இங்கே நம் சோதனைகள் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன. புதுச்சொல் தருகிறதா என்றால் ‘காரர்’ தருகிறது. பால்காரர் ஒரு தொழில்காரர். எதோடும் சேருமா என்றால் கிட்டத்தட்டச் சேரும்; அந்த வண்டிக்காரர், அந்தக் கேள்விக்காரர், அந்தக் குடைக்காரர் என்று எதிரே நிற்பவரிடம் கண்ணில் படும் எதை வைத்தும் ஆளைச் சுட்டலாம், அகராதி தேவையில்லை. தொடரோடு சேர்வதில் அது உருபு மாதிரி நடந்துகொள்கிறது, ஆனால் தன் மேல் ‘களுக்கு’ம் ‘இட’மும் ஏற அனுமதிப்பதில் ‘நர்’ மாதிரி நடந்துகொள்கிறது. தோட்ட வேலை செய்யும் ‘தோட்டக்கார’ரைச் சொல்லாக்கம் என்றும், சற்றுமுன் கடந்துபோன ‘குடைக்கார’ரை வேறு என்றும் வைக்க வேண்டியிருக்கும். ஒரே ஒட்டுக்கு இரண்டு பதிவு. அகராதி செய்பவர் முதலாவதைத் தலைச்சொல்லாக எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுவார், ‘காரர்’ என்ற ஒட்டுக்குத் தனியாக ஒரு பதிவு போட்டுவிடுவார். அவருக்கு அதற்கு மேல் கேள்வி இல்லை. இலக்கணம் எழுதுபவருக்குத்தான் அதை எந்த இயலில் சேர்ப்பது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.